தரப்புகள் தாமாக நகரும் தொடராட்டம்: 1867 பினாங்கை வைத்துச் சில கேள்விகளும் பதில்களும்

அக்கா, நாங்க விளையாடாத நாள்ல எதிரிக் கும்பல் என்ன பண்ணுதுன்னு நானே மனசுல யோசிச்சு வச்சுக்கிறேன். அது போதாதா?

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாத்திரமேற்று ஆடும் தொடராட்டத்தில் நாலைந்து அமர்வு வரைக்கும் அது போதும். அதற்கு மேல் போனால், உங்களுக்குப் பிடித்த தரப்பே ஜெயித்துக்கொண்டிருக்கும். ஆட்டத்தை நடத்தும் நடத்துநர் வேண்டுமென்று செய்வதில்லை. எந்தத் தரப்பைப் பற்றி யோசிக்கச் சுவையாக இருக்கிறதோ அதைப் பற்றித்தான் பஸ்ஸில் போகும்போதும் யோசிப்போம், மற்றவை சும்மா நின்றுவிடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. என் முதல் தொடராட்டத்தில் பதினொரு தரப்புகள் வைத்திருந்தேன். கணினியில் பெரிய அட்டவணை, வாராவாரம் இரண்டு மணி நேர வேலை. பதினான்காவது அமர்வில் "துறைமுகத் தலைவர் நேற்றிரவு கொல்லப்பட்டார்" என்று மேசையில் அறிவித்தேன். நான்கு பேரும் ஒரே குரலில், "யாரு அது?" அவருக்கும் அவருடைய எதிரிக்கும் ஐந்து மாதமாக நடந்த சண்டை என் அட்டவணைக்குள்ளேயே நடந்து, அங்கேயே முடிந்திருக்கிறது. அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன்: ஒரு தரப்பின் நகர்வு தெருவில் கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளமாக மாறவில்லை என்றால், அந்த நகர்வு நடக்கவே இல்லை. கீழே சொல்வதெல்லாம் இந்த விதியைச் சுற்றித்தான்.

எத்தனை தரப்பு வைக்கலாம்? எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

ஐந்து. அமர்வுகளுக்கு நடுவில் தரப்புகளுக்காகப் பகடை உருட்டுவதைச் சுற்று என்கிறேன், ஒரு சுற்றுக்கு ஐந்தில் மூன்றுதான் நகரும்.

இப்போது நடத்திவருவது 1867 ஏப்ரலில் ஜார்ஜ் டவுனில் தொடங்கும் ஆட்டம். அந்த மாதம் முதல் தேதிதான் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய நிர்வாகத்திடமிருந்து பிரிந்து லண்டனின் நேரடி ஆட்சிக்கு வந்தன. மேலே ஆள் மாறும் நேரம், கீழே எல்லாருக்கும் ஓர் ஆசை வரும் நேரம். ஆகஸ்டில் பெருங்கலவரம் வெடித்துப் பத்து நாள் அளவில் நீடித்தது வரலாறு. கீ ஹின் சங்கம் வெள்ளைக்கொடியோடு ஒரு பக்கம், தோ பே கோங் சங்கம் செங்கொடியோடு மறுபக்கம். சங்கங்கள் சீனர்களுடையவை. அவற்றோடு கூட்டுச் சேர்ந்த வெள்ளைக்கொடி, செங்கொடி என்ற கூட்டங்களிலோ மலாய்க்காரர்களும், நம் தமிழ் முஸ்லிம்கள் வழிவந்த ஜாவி பெக்கான்களும் இருந்தார்கள்.

ஆட்டம் நடத்துகிறவருக்கு இதைவிட நல்ல அமைப்பு கிடைக்காது. சண்டை இனத்துக்கும் இனத்துக்கும் இடையே இல்லை. ஒவ்வொரு பக்கமும் தன் ஆளல்லாத இன்னொருவரை நம்பி நிற்கிறது. தரப்புகளை எழுதும்போது நான் முதலில் கேட்பதும் இதைத்தான்: இவர்களுக்கு யார் இல்லாமல் ஆகாது? அந்தப் பதில் இல்லாத தரப்போடு ஆட்டக்காரர்கள் சண்டைதான் போட முடியும், பேரம் பேச முடியாது.

என் ஐந்து: சர்ச் தெருவில் கீ ஹின், ஆர்மேனியன் தெருவில் தோ பே கோங், போலீஸ், நானே கற்பனையாகச் சேர்த்த, வட்டிக்குக் கொடுக்கும் ஒரு செட்டியார் கிட்டங்கி, கடற்கரைத் தெருவில் தொங்கான் படகுகளில் சரக்கு இறக்கும் தொங்கான்காரர்களின் ஒரு கூட்டம். அன்றைக்குக் கடற்கரைத் தெரு உண்மையிலேயே கடலோரம்தான். இப்போது அங்கிருந்து கடலுக்குப் போக நடக்க வேண்டும். கொடிகளைத் தனித் தரப்பாக வைக்காமல் சங்கங்களின் பலமாகவும் பலவீனமாகவும் எழுதிக்கொண்டேன்.

ஒவ்வொரு தரப்புக்கும் என்னென்ன எழுதி வைக்கணும்?

மளிகைக் கடையில் கடன் எழுதும் 555 புத்தகம் ஒன்று வாங்குங்கள். ஒரு தரப்புக்கு ஒரு பக்கம். அந்தச் சின்னப் பக்கத்தில் அடங்காதது ஆட்டத்துக்கும் தேவைப்படாது.

மேலே, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரி. அது கையால் தொடக்கூடியதாக இருக்க வேண்டும். "ஊரில் செல்வாக்கு" என்று எழுதினால் அடுத்து என்ன செய்வார்கள் என்றே உங்களுக்குத் தோன்றாது. "அபின் குத்தகை ஏலம் எடுக்கப்போகிறவரைத் தன் கடனாளியாக்குவது" என்று எழுதினால் அடுத்த மூன்று நகர்வுகள் தாமாக வரும். (அபின் விற்கும் உரிமையை அரசாங்கம் அன்று குத்தகைக்குத்தான் விட்டது, ஊரின் பெரும்பணம் அதில் இருந்தது.) அதன் கீழே ஒரு வட்டம், ஆறு அல்லது எட்டுத் துண்டாக வெட்டியது. இதை ஆட்டக்காரர்கள் கடிகாரம் என்பார்கள். 2017-இல் வந்த பிளேட்ஸ் இன் த டார்க் ஆடியவர்களுக்குப் பழக்கம் இருக்கும். வேலை முன்னேற முன்னேற ஒவ்வொரு துண்டாக நிழலிடுவோம். பக்கத்தில் பலம், 1 முதல் 3 வரை. கடைசியாக, யார் இல்லாமல் ஆகாது என்ற அந்தப் பெயர்.

பகடையை எப்படி உருட்டுறீங்க? கணக்கு சொல்லுங்க.

பலம் எத்தனையோ அத்தனை ஆறுமுகப் பகடை உருட்டி, பெரிய எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வேன். 6 வந்தால் இரண்டு துண்டு. 4 அல்லது 5 வந்தால் ஒன்று. 3-க்குள் நின்றால் துண்டு எதுவும் இல்லை, அதோடு அவர்களுக்குள் ஒரு சிக்கல்.

பலம் 1 உள்ள தரப்பு சராசரியாகச் சுற்றுக்கு முக்கால் துண்டுக்கும் கொஞ்சம் குறைவாக நகரும். பலம் 2 ஒரு துண்டு. பலம் 3 ஒன்றேகால் துண்டுக்குச் சற்று மேல். ஆக, ஆறு துண்டு வட்டத்தைப் பலசாலி ஐந்து சுற்றில் முடிப்பான், எளியவனுக்கு ஒன்பது சுற்று. நாங்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆடுகிறோம், அதிலும் எல்லாத் தரப்பும் எல்லாச் சுற்றிலும் நகர்வதில்லை. ஒரு திட்டம் மூன்று நான்கு மாதம் மேசையில் உயிரோடு இருக்கும். அதற்குக் குறைந்தால் ஆட்டக்காரர்களுக்குப் பெயர்களே மனதில் பதிவதில்லை, ஆறு மாதத்தைத் தாண்டினால் அலுத்துவிடுகிறது.

ஒரு சுற்றை முழுசா செஞ்சு காட்டுங்களேன்.

ஏழாவது அமர்வுக்கும் எட்டாவதுக்கும் நடுவில் செய்ததைச் சொல்கிறேன். ஆட்டத்தில் ஜூன் நடுப்பகுதி. ஏழாவது அமர்வில் என் ஆட்கள் கிட்டங்கிக்குள் புகுந்து, குத்தகை ஏலம் எடுக்கப்போகும் வியாபாரி எழுதிக்கொடுத்த புரோநோட்டைத் திருடிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் அதே கிட்டங்கியில் அடுத்தாளாக, அதாவது உதவியாளாக வேலை செய்தவர், பெட்டியடிக்கு அடியில் எது இருக்கும் என்று அவருக்குத் தெரியும். மற்றவர்கள் ஒரு தொங்கான்காரர், கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர், ஒரு மருத்துவச்சி.

முதல் வேலை, எந்த மூன்று நகரும் என்று எடுப்பது. போன அமர்வில் அடிபட்ட தரப்பு ஒன்று: கிட்டங்கி. முடிக்க நெருங்கிவிட்ட தரப்பு ஒன்று: தோ பே கோங், ஆயுதம் சேர்க்கும் வட்டத்தில் ஆறில் நான்கு நிரம்பியிருந்தது. மேசை மறந்துபோன தரப்பு ஒன்று: போலீஸ், மூன்று அமர்வாக அவர்களை யாரும் நினைக்கவே இல்லை. கீ ஹினும் தொங்கான்காரர்களும் சும்மா இருந்தார்கள்.

கிட்டங்கியின் பலம் 2, எட்டில் மூன்று துண்டு நிரம்பியிருந்தது. புரோநோட்டு போனதால் ஒரு துண்டை அழித்தேன், இந்தச் சுற்றுக்குப் பகடையும் ஒன்றே என்று வைத்தேன். உருட்டினால் 6! அடிபட்டவனுக்கு இரண்டு துண்டு ஏற்றம். இரண்டாக இறங்கியது நான்காக ஏறிவிட்டது.

இந்த இடத்தில்தான் நடத்துநர் வழுக்குவார். என் கைக்கு முதலில் வந்த எண்ணம், "செட்டியாரிடம் இன்னொரு படி இருந்தது". எழுதி, உடனே அடித்துவிட்டேன். ஆட்டக்காரர்கள் உயிரைப் பணயம் வைத்து எடுத்த காகிதத்தை வெறும் காகிதமாக்கிவிடும் பதில் அது. ஒருமுறை அப்படிச் செய்தால், அப்புறம் அவர்கள் திருடவும் மாட்டார்கள், திட்டமிடவும் மாட்டார்கள். தரப்பின் வெற்றி, ஆட்டக்காரர்கள் வென்றதைத் தொடக்கூடாது. வேறு வழியில் சுற்றிக்கொண்டு வர வேண்டும். புரோநோட்டு இல்லாமல் வியாபாரியை மடக்க முடியாது. சரி, அந்த வியாபாரிக்கு நாளைக்கு யார் இல்லாமல் ஆகாது? அபின் பெட்டியைக் கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுவரத் தொங்கான் வேண்டும். தொங்கான்காரர்கள் யாரிடம் கடன் வாங்கியிருக்கிறார்கள்? கிட்டங்கியிடம். ஆக, சின்னக் கடன்களையெல்லாம் ஒரே வாரத்தில் திருப்பிக் கேட்டு, கட்ட முடியாதவர்களின் தொங்கான்களை அடமானத்துக்குப் பிடித்துக்கொண்டார்கள். இதை நான் கண்டுபிடிக்கவில்லை, 555-இன் பக்கங்களில் இருந்த கடைசி வரிகளே சொன்னவை.

தோ பே கோங் மூன்று பகடை உருட்டி 2, 2, 3. ஒன்றும் நகரவில்லை, சிக்கல். பெட்டி சுமந்த ஒருவன் கூலித் தகராறில் ஓடிப்போய்விட்டான் என்று எழுதினேன். போலீஸுக்கு ஒரு பகடை, 4. சங்கங்களின் உள்விஷயம் தெரிந்த ஆளைத் தேடும் வட்டம் இரண்டிலிருந்து மூன்றாகி, பாதிக்கு வந்தது.

பிறகு ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம், அதுவும் ஒரு பாத்திரத்தின் வாசலிலேயே. எட்டாவது அமர்வு இப்படித் தொடங்கியது: தொங்கான்காரர் விடியற்காலையில் கரைக்குப் போகிறார், மைத்துனரின் தொங்கானில் வேறொருவரின் குறி புதிதாகப் பூசியிருக்கிறது, சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. மருத்துவச்சியைச் சூலியா தெருச் சாப்பாட்டுக் கடையின் பின்கட்டுக்குக் கூப்பிடுகிறார்கள், தோளில் கயிறு அறுத்த காயத்தோடு ஒருவன் ஒளிந்திருக்கிறான். மொழிபெயர்ப்பாளரை இன்ஸ்பெக்டர் வழக்கத்துக்கு மாறாக உட்காரச் சொல்லி, ஒரே ஒரு பெயரைக் குறிப்பிட்டுத் தெரியுமா என்று கேட்கிறார்.

நால்வரும் காயம்பட்டவன் பின்னால் போனார்கள். தொங்கான் விஷயத்தை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்கள். பத்தாவது அமர்வில் ஒரு குடும்பத்தை இரவோடு இரவாகப் பட்டர்வொர்த் கரைக்குக் கடத்த வேண்டி வந்தது. எந்தத் தொங்கான்காரரும் படகை அவிழ்க்கச் சம்மதிக்கவில்லை. அந்தக் கணத்தில் ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "அந்தச் சுண்ணாம்பு!" என்றார்.

கடிகாரத்தை ஆட்டக்காரர்களுக்குக் காட்டலாமா?

வட்டத்தைக் காட்டுவதில்லை, ஆனால் பாதி நிரம்பும்போதும் கடைசித் துண்டுக்கு முன்னாலும் சத்தமான அடையாளம் கட்டாயம் கொடுப்பேன். சில நடத்துநர்கள் மேசை நடுவில் வட்டத்தை வைத்துவிடுகிறார்கள். பதற்றம் கூடும், உண்மைதான். எங்கள் மேசையில் எல்லாரும் வட்டத்தையே பார்க்க ஆரம்பித்தார்கள், தெருவைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். அதனால் எடுத்துவிட்டேன்.

தைப்பூசம், சீனப் பெருநாள்னு ஆறு வாரம் ஆட்டமே இல்லேன்னா மூணு சுற்று உருட்டணுமா?

வேண்டாம். சுற்று ஆட்டத்தின் நாட்காட்டியைச் சேர்ந்தது, சுவரில் தொங்கும் நாட்காட்டியைச் சேர்ந்ததில்லை. ஆட்டத்தில் ஒரு வாரம் கடந்தால் ஒரு சுற்று. ஓர் அமர்வு கத்தியை உருவிய இடத்தில் நின்றுவிட்டால், அடுத்தது ஆறு வாரம் கழித்து வந்தாலும் சுற்றே கிடையாது.

நீண்ட இடைவெளியில் மறதிதான் பிரச்சினை. மூன்று நாளுக்கு முன் வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி அனுப்புவேன், யாரோ காப்பிக் கடையில் பேசுவதுபோலக் குரல் பதிவு, அரை நிமிடம். அதில் எனக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: நடந்தது சரியாக இருக்க வேண்டும், காரணம் தவறாக இருக்கலாம். "நாலு தொங்கானைப் பிடிச்சிட்டாங்களாம், கவர்மெண்டுக்காரன் வரி போட்டுட்டானாம்" என்பதில் தொங்கான் உண்மை, வரி பொய். முழுப் பொய்யான வதந்தியை ஒருமுறை அனுப்பிப் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் சொன்ன எதையும் இரண்டு அமர்வுக்கு ஒருவரும் நம்பவில்லை.

நாங்க இல்லாதப்பவே கடைசித் துண்டு நிறைஞ்சிட்டா, கதையே எங்க கையை விட்டுப் போயிடாதா?

போகும். அதனால் அமர்வுகளுக்கு இடையே கடைசித் துண்டை நான் நிழலிடுவதே இல்லை. பகடை கேட்டாலும் ஒன்றைப் பாக்கி வைத்துவிட்டு, அடுத்த அமர்வில் ஆட்டக்காரர்களின் கண்முன் நிரப்புவேன். வேறெங்கோ போயிருந்தாலும் புகையாவது தெரியும், சத்தமாவது கேட்கும். இது ஏமாற்று என்று ஒரு நண்பர் சண்டை போடுகிறார். இருக்கட்டும். ஆனால் கண்முன் நிரம்பிய பிறகு அதைப் பின்வாங்குவது கிடையாது. ஆயுதம் சேர்ந்துவிட்டால் சேர்ந்ததுதான், அந்தத் தெருவில் இனிமேல் எல்லாம் வேறு மாதிரி நடக்கும். வட்டத்தைக் கிழித்துவிட்டு அந்தத் தரப்புக்குப் புதிய வரி ஒன்றை எழுதுவேன்.

ஒரு ஆட்டக்காரர் ஒரு தரப்போடயே சேர்ந்துட்டார். இப்ப அந்தத் தரப்பை யார் நகர்த்துறது?

பகடையை அவர் கையில் கொடுத்துவிடுங்கள், முடிவை என்னவென்று சொல்வது மட்டும் உங்களிடம் இருக்கட்டும். எங்கள் அடுத்தாள் மனம் மாறி மறுபடி கிட்டங்கியில் சேர்ந்தார். அவரே உருட்டி 6 போட்டுவிட்டு, கூடியிருந்த மற்ற மூவரின் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்துகொண்டார்.

வரலாற்றை எல்லாரும் கூகுள் பண்ணிடுவாங்களே? ஆகஸ்டுல கலவரம்னு தெரிஞ்சா என்ன சுவை?

எங்கள் மேசையில் முதல் நாளே சொல்லிவிட்டேன். பீரங்கித் தெரு என்று பொருள்படும் கேனன் தெருவின் பெயர் அந்தக் கலவரத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவதுதான், மறைத்து என்ன பயன்? கலவரம் வருமா என்பதைக் கேள்வியாக வைக்காதீர்கள். வரும்போது யார் எந்தத் தெருவில் நிற்பார்கள், யாருக்குப் படகு கிடைக்கும், மொழிபெயர்ப்பாளர் விசாரணையில் யார் பேச்சை எப்படி மொழிபெயர்ப்பார் என்பதெல்லாம் திறந்தே கிடக்கிறது. கலவரத்துக்குப் பிறகு விசாரணைக் குழு உட்கார்ந்தது, 1869-இல் சங்கங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. அவை என் அடுத்த வட்டங்கள். உண்மையான சங்கத் தலைவர்களை மட்டும் பாத்திரமாக்குவதில்லை, தலைமை எல்லாம் கற்பனைப் பெயர்கள்.

நம்ம ஆளுங்களையே வட்டிக்காரங்களா, அடியாளா காட்டுறீங்க. சங்கடமா இல்லையா?

ஒருவர் நேரிலேயே கேட்டார், நியாயமான கேள்வி. கிட்டங்கிப் பக்கத்தில் முதலில் "பேராசை" என்று எழுதியிருந்தேன். அதை அடித்து, "ஊரிலிருந்து முதல் அனுப்பிய முதலாளிக்கு வருஷக் கணக்கு முடிக்க வேண்டும்" என்று மாற்றினேன். அடுத்த சுற்றிலிருந்து அந்தத் தரப்பு பேச்சுவார்த்தைக்கு வர ஆரம்பித்தது. பேராசைக்காரனிடம் என்ன பேசுவது? கணக்கு முடிக்க வேண்டியவனிடம் தவணை கேட்கலாம்.

சரியா போகலேன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அமர்வு முடிந்ததும், "அடுத்து யார் நமக்கு ஆபத்து?" என்று கேளுங்கள். நான்கு பேரும் ஒரே தரப்பைச் சொன்னால் மற்றவை உங்கள் புத்தகத்தில் மட்டும் இருக்கின்றன, அடையாளங்கள் போதவில்லை. ஒருவருக்கும் பதில் வராவிட்டால் தரப்புகள் அதிகம், இரண்டை ஒன்றாக்குங்கள். "எங்கே போனாலும் தீப்பிடிக்குது" என்று அலுத்துக்கொண்டால் வேகம் அதிகம். பலம் 3 உள்ளவற்றை 2 ஆக்குங்கள், அல்லது ஒரு சுற்றுக்கு இரண்டே தரப்பு.

இதுக்கெல்லாம் எவ்வளவு நேரம் பிடிக்கும்?

இருபது நிமிடம், பகடை உருட்ட அதில் இரண்டு. மீதி பதினெட்டும் அந்தச் சுண்ணாம்பு மாதிரி ஒன்றைக் கண்டுபிடிக்கத்தான். ஆட்டம் முடிந்த ஞாயிறு இரவே செய்துவிடுகிறேன். வியாழன் வரை தள்ளினால் யார் யாரிடம் என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்பது எனக்கே மறந்துபோகிறது.